வங்கி உத்தரவாத வரைவைக் கடைசிப் பத்தியிலிருந்து படித்தல்: தொகை, காலக்கெடு, பயனாளி குறித்து

ஒப்பந்ததாரர் கொண்டுவரும் வங்கி உத்தரவாத வரைவைச் சரிபார்க்கப் பெரும்பாலான அலுவலகங்களில் ஒரு படிவம் உண்டு. தொகை சரியா, செல்லுபடிக் காலம் சரியா, கோரிக்கைக் காலம் தரப்பட்டுள்ளதா, பயனாளி பெயர் சரியா என்று நான்கு கேள்விகள் இருக்கும்; நான்குக்கும் எதிரே டிக் போட்டுக் கோப்பு மேலே போகும். இப்படித் தேறிய வரைவுகளில் சில, பணம் கேட்கும் நாளில் பயன்படாமல் போகின்றன. எழுத்தரின் கவனக்குறைவு இதற்கு முதன்மைக் காரணமன்று. கேள்விகள் பிரிக்கப்பட்டிருக்கும் விதமே தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த நான்கும் தனித்தனி விவரங்கள் அல்ல. வரைவின் இறுதியில் வரும் வரம்புப் பத்தியில் அவை ஒன்றோடொன்று கட்டப்பட்டுள்ளன. அது மட்டுமன்றி, ‘காலம்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு காலக்கெடுக்கள் உள்ளன. அவற்றில் ஒன்றைப் படிவங்கள் கேட்பதே இல்லை.

இங்கு பேசப்படுவது இந்தியாவில் உள்நாட்டு ஒப்பந்தங்களுக்காகக் கொடுக்கப்படும் உத்தரவாதம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 126ஆம் பிரிவு உத்தரவாத ஒப்பந்தத்தை வரையறுக்கிறது. ஆனால் வங்கி உத்தரவாதத்தை நீதிமன்றங்கள் மூல ஒப்பந்தத்திலிருந்து விலகி நிற்கும் தனி ஒப்பந்தமாகவே பார்க்கின்றன. டெண்டர் ஆவணத்தில் பயனாளிக்கு எத்தனை உரிமைகள் இருந்தாலும், வங்கியிடம் கேட்கக்கூடியது உத்தரவாதத்தில் எழுதியிருப்பதை மட்டும்தான். வரைவு நிலையிலேயே அதைத் திருத்தியாக வேண்டிய கட்டாயம் இதிலிருந்துதான் வருகிறது. முத்திரைத்தாளில் ஏறும் முன் ஒரு திருத்தம் தொலைபேசியில் முடியும். ஏறிய பின் அதே திருத்தத்துக்கு வங்கியின் ஒப்புதல், திருத்தக் கடிதம், கையொப்ப அதிகாரிகள் எல்லாம் வேண்டும். ஒப்பந்ததாரருக்கும் அப்போது அவசரம் தணிந்திருக்கும்.

வரம்புப் பத்தி எப்படி ஆள்கிறது

ஏறத்தாழ எல்லா வங்கிகளின் மாதிரியிலும் கடைசிப் பத்தி ஒரே அச்சில் இருக்கிறது. இதில் வேறெங்கு என்ன கூறப்பட்டிருந்தாலும் என்று அது தொடங்கும். பிறகு மூன்று கூறுகள் வரும்: வங்கியின் பொறுப்பு இன்ன தொகையைத் தாண்டாது, இவ்வுத்தரவாதம் இன்ன தேதிவரை செல்லும், இன்ன தேதியன்றோ அதற்கு முன்போ எழுத்துமூலமான கோரிக்கை எங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டால் மட்டுமே பணம் தருவோம்.

அந்தத் தொடக்கச் சொற்கள்தான் முக்கியம். மேலே உள்ள பத்திகள் பயனாளிக்குத் தாராளமாக இருக்கலாம். ஒப்பந்தத்தின் எல்லாக் கடமைகளும் முடிந்து, அதிகாரி எழுத்தில் விடுவிக்கும்வரை உத்தரவாதம் தொடரும் என்ற வாசகம் அரசு மாதிரிகளில் வழக்கமாக உண்டு. அதைப் படித்துவிட்டு நிம்மதியடைந்த அதிகாரிகள் இருக்கிறார்கள். கடைசிப் பத்தியில் ஒரு தேதி ஏறிய கணத்தில் அந்த வாசகம் வெறும் அலங்காரம். முரண்பட்டால் மேலே உள்ளது தோற்கும், கீழே உள்ளது வெல்லும். அதற்காகத்தான் அந்தப் பத்தி எழுதப்பட்டிருக்கிறது. எனவே வரைவைக் கீழிருந்து மேலாகப் படிப்பதே முறை. முதலில் வரம்புப் பத்தியின் தொகையையும் இரண்டு தேதிகளையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மேலே போய், அவை குறைக்கும் வாக்குறுதிகள் எவை என்று பார்க்க வேண்டும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு நகராட்சி மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு ஒப்பந்தம் விடுகிறது. வரி நீங்கலான மதிப்பு ₹8,40,00,000. ஒப்பந்த மதிப்பில் 5 விழுக்காடு செயல்பாட்டுப் பிணை. பணி முடிய வேண்டிய நாள் 30.6.2026. அதன் பிறகு 24 மாதம் குறைபாட்டுப் பொறுப்புக் காலம். பிணை அதற்கும் அப்பால் 60 நாள் செல்ல வேண்டும். கோரிக்கைக்கு மேலும் 6 மாதம் வேண்டும். வங்கியின் வரைவு வருகிறது. தொகை எல்லா இடத்திலும் ₹42,00,000; எழுத்தாலும் எண்ணாலும் பொருந்துகிறது. செல்லுபடி 29.08.2028 வரை. கோரிக்கை 29.02.2029 வரை. பயனாளி நகராட்சியின் செயற்பொறியாளர். நான்கு கேள்விப் படிவத்தில் இது தடையின்றித் தேறிவிடும். ஆனால் நான்கிலும் சிக்கல் இருக்கிறது.

தொகை

தொகையைச் சரிபார்ப்பவர்கள் எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடுகிறார்கள். அது தேவைதான், ஆனால் அது வரைவு தன்னோடு தான் பொருந்துகிறதா என்ற சோதனை மட்டுமே. எடுத்துக்காட்டில் ஏற்புக் கடிதத்தில் ஒப்பந்த மதிப்பு வரியோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது என்று வைப்போம். 18 விழுக்காடு வரி எனில் மதிப்பு ₹9,91,20,000. 5 விழுக்காடு ₹49,56,000. ஒப்பந்ததாரர் வரி நீங்கலாகக் கணக்கிட்டு வங்கிக்கு விண்ணப்பித்திருக்கிறார். வங்கி கேட்ட தொகைக்கு வரைவு தயாரித்திருக்கிறது. வங்கிமீது பிழையில்லை. ₹7,56,000 குறைவு வரைவுக்குள் எங்கும் தெரியாது. ஏற்புக் கடிதத்தைத் திறந்தால்தான் தெரியும். எந்த மதிப்பின்மீது விழுக்காடு என்பதை டெண்டரே தெளிவாகச் சொல்லாமல் விட்டிருந்தால், வரைவைத் திருத்தச் சொல்லும் முன் அந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை வாங்க வேண்டும்.

வரம்புப் பத்தியின் தொகை வட்டி, செலவு உட்பட எல்லாவற்றுக்கும் மேல்வரம்பு என்பதையும் மறக்கக் கூடாது. செயல்பாட்டுப் பிணையில் இது பெரிதாக உறுத்தாது. வட்டியோடு திரும்பப் பெற வேண்டிய முன்பணத்துக்கான உத்தரவாதத்தில், அசலுக்குச் சமமான தொகை மட்டும் எழுதியிருந்தால் வட்டிக்குப் பிணையே இல்லை. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் அத்தகைய உத்தரவாதம் முன்பணத்தில் குறைந்தது 110 விழுக்காடாக இருக்க வேண்டும் என்று சொன்னதன் தேவை இங்குதான். முழுத் தொகையையோ அதில் ஒரு பகுதியையோ கேட்கலாம் என்ற சொற்களும் வேண்டும். அவை இல்லாவிட்டால், முதல் பகுதிக் கோரிக்கைக்குப் பின் எஞ்சியது நிற்கிறதா என்ற வீண் வாதம் பிறக்கும்.

மூன்று காலக்கெடுக்கள்

செல்லுபடிக் காலம், எந்தக் காலத்துக்குள் நேர்ந்த தவறுக்கு வங்கி பொறுப்பேற்கிறது என்பதைச் சொல்கிறது. கோரிக்கைக் காலம், அந்தத் தவறைக் காட்டிப் பணம் கேட்கும் கடிதம் எந்த நாளுக்குள் வங்கியின் கையில் சேர வேண்டும் என்பதைச் சொல்கிறது. வங்கி மறுத்தால் எந்த நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் வரம்புப் பத்தியில் இருக்கும். மூன்றாவது சில வரைவுகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இருந்தாலும் அதைக் கோரிக்கைக் காலத்தோடு குழப்பிக்கொள்வது வழக்கம்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, நீதிமன்றம் செல்லும் உரிமையைக் காலவரம்பால் சுருக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. நீதிமன்றங்களோ, வழக்குத் தொடுக்கும் வழியை மட்டும் அடைக்கும் வாசகம் செல்லாது, உரிமையையே குறித்த நாளில் அணைத்துவிடும் வாசகம் செல்லும் என்று பிரித்துப் பார்த்தன. வரைவாளர்கள் இரண்டாம் வகையில் எழுதப் பழகினார்கள். சட்ட ஆணையம் தன் 97ஆம் அறிக்கையில் இந்த வேறுபாட்டை நீக்கப் பரிந்துரைத்தது. 8.1.1997 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இரு வகையையும் செல்லாதவையாக்கியது. வங்கிகளுக்கு இது தலைவலி. கோரிக்கை நாள் கடந்த பின்னும் வழக்குக்கான காலம் ஓடிக்கொண்டிருந்தது. காலவரம்புச் சட்டப்படி வழக்கமாக அது மூன்று ஆண்டு. மத்திய, மாநில அரசுகள் தொடுக்கும் வழக்குக்கு 30 ஆண்டு. 18.1.2013 முதல் வங்கிகளுக்கென மூன்றாம் விதிவிலக்கு சேர்க்கப்பட்டது. குறித்த ஒரு நிகழ்விலிருந்து ஓராண்டுக்குக் குறையாத காலம் கடந்ததும் உரிமை அற்றுப்போகும் என்று உத்தரவாதத்தில் எழுதிக்கொள்ள அது வங்கியை அனுமதிக்கிறது.

இந்த ஓராண்டைப் பல வங்கிகள் கோரிக்கைக் காலம் என்று புரிந்துகொண்டன. கோரிக்கைக்கு 12 மாதம் தராத உத்தரவாதம் இந்த விதிவிலக்கின் பாதுகாப்பைப் பெறாது என்று சொல்லி, 12 மாதத்தை வற்புறுத்தின. கோரிக்கைக் காலம் முடியும்வரை கமிஷன் ஓடும், மார்ஜின் தொகை முடங்கும், ஒப்பந்ததாரரின் வரம்பு அடைபட்டிருக்கும் என்பதால் இதன் செலவு சிறிதன்று. லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் பஞ்சாப் நேஷனல் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் 28.7.2021 அன்று இந்தப் புரிதலை ஏற்கவில்லை. விதிவிலக்கு பேசுவது நீதிமன்றத்தின் வழி உரிமையை நிலைநாட்டும் காலத்தைப் பற்றி. வங்கியிடம் கோரும் காலத்தைப் பற்றியன்று. ஆகவே கோரிக்கைக் காலம் ஓராண்டுக்குக் குறைவாகவும் இருக்கலாம் என்றது.

தீர்ப்பு சரியென்றே எனக்குப் படுகிறது. விதிவிலக்கு தொங்கிக்கொண்டிருப்பது 28ஆம் பிரிவில். அந்தப் பிரிவின் பொருளே நீதிமன்றம் செல்லும் உரிமை. அதன் விதிவிலக்கு மட்டும் வேறொன்றைப் பற்றிப் பேசும் என்று கொள்ள இடமில்லை. ஆனாலும் தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, வலுவான மேற்கோளாக மட்டுமே நிற்கும். வங்கி இன்னும் 12 மாதம் கேட்டால் அதைப் பயனாளி மறுக்க வேண்டிய தேவையும் இல்லை. கூடுதல் காலம் அவருக்கு நன்மைதான், தாங்குபவர் ஒப்பந்ததாரர்.

பயனாளி உண்மையில் கவனிக்க வேண்டியது மூன்றாம் காலக்கெடு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதை. எடுத்துக்காட்டு வரைவில், செல்லுபடி முடிந்து ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் உரிமை அற்றுப்போகும் என்ற வரி இருக்கிறது என்போம். கடைசி நாள் 29.8.2029. நகராட்சி தன் கோரிக்கையை 2029 பிப்ரவரி இறுதியில் கொடுத்தால், வங்கியோடு கடிதப் போக்குவரத்து நடத்தவும் மன்ற அனுமதி பெற்று வழக்குத் தொடுக்கவும் எஞ்சுவது ஆறு மாதமே. அந்த வரியே இல்லாதிருந்தால் மூன்று ஆண்டு கிடைத்திருக்கும். 30 ஆண்டுச் சலுகை மத்திய, மாநில அரசுகளுக்கு மட்டும் உரியது; நகராட்சி அதைக் கேட்க முடியாது. ஓராண்டை ஏற்பதில் தவறில்லை. ஆனால் கோரிக்கைக் காலம் முடியும் நாளிலிருந்து என்று மாற்றச் சொல்லலாம். பொதுவாக வங்கி மறுக்காத திருத்தம் இது, கேட்கப்படாததால்தான் கிடைப்பதில்லை.

இனித் தேதிகள். 30.6.2028க்குப் பிந்தைய 60 நாள் 29.8.2028இல் முடிகிறது. அதை இரண்டு மாதம் என்று படித்தால் 30.8.2028 வரும். ஒருநாள் வேறுபாட்டில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். கடைசி நாளில் கோரிக்கை அனுப்பும் அலுவலகங்களுக்கு விடை தெரியும். 29.8.2028க்குப் பின் ஆறு மாதம் எண்ணி 29.02.2029 என்று போட்டிருக்கிறார்கள். 2029 லீப் ஆண்டன்று; அப்படியொரு நாளே இல்லை. பிப்ரவரி 28 என்றும் மார்ச் 1 என்றும் இருவிதமாக வாதிடலாம். வரைவில் 28.02.2029 என்று மாற்ற ஒரு நிமிடம் போதும்.

கடைசி நாள் வங்கி விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அதற்கு உறுதியான அடிப்படை கிடையாது. சட்டங்களின் கீழ் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் செய்ய வேண்டியவற்றுக்கே பொது வாசகங்கள் சட்டத்தின் 10ஆம் பிரிவு பொருந்தும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் விடுமுறை விதி கடனுறுதிச் சீட்டு, உண்டியல் ஆகியவற்றுக்கு. பன்னாட்டு வணிகச் சபையின் 758ஆம் வெளியீடான கோரிக்கை உத்தரவாத விதிகளில் அடுத்த வேலை நாள் சலுகை உண்டு. ஆனால் உத்தரவாதம் அவ்விதிகளுக்கு உட்பட்டது என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். உள்நாட்டு வரைவுகளில் அது அரிது. விடுமுறை வந்தால் அடுத்த வேலை நாள் என்று ஒரு வரி சேர்ப்பதே வழி.

செல்லுபடி முடிந்து கோரிக்கைக் காலம் ஓடும்போது நேரும் தவறுக்குப் பணம் கேட்க முடியுமா? முடியாது என்பதே நடைமுறையில் நிலைபெற்ற கருத்து. எடுத்துக்காட்டில் 2028 அக்டோபரில் தொட்டி கசிந்தால் கோரிக்கைக் காலம் கைகொடுக்காது. ஆகஸ்டில் கசிந்ததை அக்டோபரில் கேட்கலாம். பெரும்பாலான வரைவுகள் இதைச் சொல்லாமல் விடுகின்றன. செல்லுபடிக் காலத்துக்குள் எழுந்த பொறுப்புக்காகக் கோரிக்கைக் காலம் முடியும்வரை கேட்கலாம் என்று எழுதிவிட்டால், இரு தேதிகளுக்கும் இடையிலான உறவு வாதத்துக்கு இடமின்றி நிற்கும்.

பயனாளி

பயனாளிக் குறிப்பில் பெயர் சரியா என்பதைவிட, பணம் கேட்கும் அதிகாரம் யாருக்குத் தரப்பட்டிருக்கிறது என்பது கனமான கேள்வி. ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்ஷன் நிறுவனத்துக்கும் பீகார் மாநிலத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் கூறியது இன்றும் பாடம். உத்தரவாதத்தின்படி கோரக்கூடியவர் தலைமைப் பொறியாளர், கோரியவர் செயற்பொறியாளர். இருவரும் ஒரே அரசின் அதிகாரிகள்தான். ஆனால் உத்தரவாதம் தனி ஒப்பந்தம் என்பதால் அதன் சொற்படி கோராத கோரிக்கை தவறு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அதே வழக்கில் இன்னொன்றும் தெரிந்தது. வங்கி நிபந்தனையின்றித் தருவதாக ஒரு வரியில் சொல்லிவிட்டு, ஒப்பந்ததாரர் குறித்த கடமையை நிறைவேற்றத் தவறினால் என்று அடுத்து ஒட்டியிருந்தது. அந்த ஒட்டே உத்தரவாதத்தை நிபந்தனைக்கு உட்பட்டதாக்கிவிட்டது. எனவே பயனாளியின் கோரிக்கையே கடன் தொகைக்கு முடிவான சான்று, ஒப்பந்ததாரர் எதிர்த்தாலும் வங்கி தர வேண்டும் என்ற வாசகத்தைத் தேடுவதோடு, அதன் அருகில் நிபந்தனைத் துணுக்கு ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டு வரைவில் பயனாளி செயற்பொறியாளர் என்றிருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது நகராட்சி, அதன் ஆணையர் வழியாக. வரைவிலும் பயனாளி நகராட்சியாக இருந்து, கோருபவர் ஆணையரோ அவர் எழுத்தில் அதிகாரம் அளித்த அலுவலரோ என்று இருக்க வேண்டும். பதவியைப் பயனாளியாக்கினால், அந்தப் பதவி வேறு அலகுக்கு மாறும் நாளில் தகராறு தொடங்கும்.

‘அதன் பின்வரிசையாளர்’ என்ற சொல் வெறும் சடங்காகத் தெரியலாம். தமிழ்நாட்டில் அது அப்படியில்லை. 2021இல் கும்பகோணம், கரூர், சிவகாசி போன்ற நகராட்சிகளும், 2024இல் நாமக்கல், காரைக்குடி போன்றவையும் மாநகராட்சிகளாயின. மூன்று ஆண்டு ஓடும் உத்தரவாதத்தின் நடுவில் பயனாளியின் சட்டப் பெயரே மாறுவது நடக்கக்கூடியதுதான். சட்டம் வழியாக உரிமைகள் மாறினாலும், புதிய பெயரில் வந்த கடிதத்தைப் பார்த்துக் கிளை மேலாளர் தயங்க இடம் கொடுக்கத் தேவையில்லை.

இதே வகையைச் சேர்ந்தது கோரிக்கை சேர வேண்டிய இடம். எங்கள் இன்ன கிளையில் பெறப்பட்டால் மட்டுமே என்று வரைவு சொன்னால், அஞ்சலில் போட்ட நாள் கணக்கில் வராது. வேறு கிளையில் கொடுத்த கடிதமும் ஐயத்துக்கு உரியது. வங்கி இணைப்புகளால் கிளைகள் மூடப்பட்டுவரும் நாளில், குறித்த கிளை அல்லது பயனாளி ஊரில் உள்ள வங்கியின் எந்தக் கிளையும் என்று கேட்பது நியாயம். மேலே மூல ஒப்பந்தத்தின் எண்ணும் தேதியும் ஏற்புக் கடிதத்தோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகின்றனவா என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஒப்பந்ததாரரின் முந்தைய பணிக்கான வரைவை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றும் பழக்கத்தில் எண் அப்படியே தங்கிவிடுகிறது.

நீட்டிப்பு

வரைவுச் சரிபார்ப்பு உத்தரவாதம் வெளியான நாளோடு முடிவதில்லை. உத்தரவாதம் வெளியானதும் வங்கி அனுப்பும் மின்செய்தி (IFN 760COV) தொகை, தேதிகளை உறுதிப்படுத்தும். போலியைப் பிடிக்க அது சிறந்த கருவி. வாசகத்தை அது ஒப்பிட்டுத் தராது. அதைவிட ஆபத்தானது நீட்டிப்புக் கடிதம். ஏனெனில் முழு ஆவணத்தையும் யாரும் மறுபடி படிப்பதில்லை.

எடுத்துக்காட்டில் பணி 30.6.2026இல் முடியாமல் 31.12.2026இல் முடிகிறது. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்மையில் முடிந்த நாளிலிருந்து ஓடும் என்பதால் 31.12.2028 வரை போகிறது. 60 நாள் சேர்த்தால் 1.3.2029. நகராட்சி நீட்டிப்புக் கேட்கிறது. வங்கி ஒரு பத்தியில் பதில் தருகிறது: மேற்படி உத்தரவாதத்தின் செல்லுபடி 1.3.2029 வரை நீட்டிக்கப்படுகிறது. மற்ற நிபந்தனைகள் மாறாமல் தொடர்கின்றன. மாறாமல் தொடரும் நிபந்தனைகளில் ஒன்று, கோரிக்கை 28.2.2029க்குள் வர வேண்டும் என்பது. செல்லுபடி முடியும் முன்பே கோரிக்கைக் கதவு மூடிவிட்டது. நீட்டிப்புக் கடிதத்தில் கோரிக்கை நாள் 1.9.2029 என்றும், வழக்குக்கான ஓராண்டு அந்த நாளிலிருந்து என்றும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். திருத்தத்துக்குரிய மின்செய்தி (IFN 767COV) வந்ததும் அதில் இரு தேதிகளும் ஏறியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். இது நடக்காமல் பழைய கோரிக்கை நாள் நெருங்கிவிட்டால், நீட்டியுங்கள், இல்லையேல் இதையே கோரிக்கையாகக் கொண்டு பணம் தாருங்கள் என்று எழுதிய கடிதத்தை 28.2.2029க்கு முன் குறித்த கிளையில் நேரில் கொடுத்து, பெற்றதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும்.